ராத்திரியில் மணி பார்க்காதீர்கள்: கடிகாரத்தைத் திருப்பி வைப்பது எப்படி, ஏன்

பாபநாசம் பக்கத்தில் என் தாய்மாமா ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், பயிர் வைக்கிறார். வயது அறுபத்திரண்டு. போன வருடம் ஐப்பசியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கேட்டதும் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணியிலேருந்து கண்ணே மூடலம்மா. மூணு மாசமா இப்படித்தான். சரியா ரெண்டு பத்துக்கு முழிப்பு வந்துடுது."

நான் தஞ்சாவூரில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தூக்கமில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாமாவிடமும் அதையே கேட்டேன். "ரெண்டு பத்துன்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"மணி பார்த்தேன்" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ராத்திரியில் மணி பார்க்கும் இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தூக்கமின்மைக்கான முழு சிகிச்சை இதில் இல்லை. ஆனால் கையில் எடுப்பதற்குச் சுலபமான வேலை இது. காசும் பெரிதாகச் செலவில்லை, இன்றைக்கு ராத்திரியே தொடங்கலாம்.

மாமாவின் ஒரு ராத்திரி

அவரை உட்காரவைத்து முந்தைய ராத்திரியை ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்குப் படுத்தார். அலாரம் காலை 5:00. முழிப்பு வந்ததும் தலைமாட்டில் இருந்த போனை எடுத்துப் பார்த்தார், 2:10. உடனே மனசு கழித்தல் போட்டது: ஐந்து மணிக்கு இன்னும் 2 மணி 50 நிமிஷம். 'இப்பவே தூங்கினாத்தான் உண்டு. காலையில நடவு ஆளுங்க வந்துடுவாங்க, தண்ணி கட்டணும், வெயில்ல நிக்கணும்.' புரண்டு படுத்தார். மறுபடி பார்த்தார், 2:35. இன்னும் 2 மணி 25 நிமிஷம். நெஞ்சு படபடப்பது தெரிந்தது. அடுத்துப் பார்த்தபோது 3:20. அதற்கடுத்து 4:05. அப்போது மிச்சம் 55 நிமிஷம்தான். 'இனிமே தூங்கி என்ன ஆகப்போவுது' என்று கோபம் வந்தது. நாலரைக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை இதைக் கேட்டுவிட்டு, "மூணு மணி வாக்குல நல்லா குறட்டை விட்டீங்களே" என்றார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தூங்கியதாகவே தெரியவில்லை.

மணி பார்ப்பதால் வரும் கெடுதல் முழுவதும் இந்த ஒரு ராத்திரிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், முழிப்பு வருவது நோயில்லை. நம் தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் லேசாக முழிப்பு தட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவுத் தூக்கம் லேசானது, கனவு மிகுந்தது. அதனால் இரண்டு மூன்று மணிக்கு மேல் சின்னச் சத்தத்துக்கும் கண் திறக்கும். வயது ஏற ஏற இது கூடும். அந்த முழிப்பில் ஒன்றும் செய்யாமல் கிடந்தால் பெரும்பாலும் அப்படியே மறுபடி தூங்கிவிடுவோம். காலையில் முழித்ததே நினைவிருக்காது.

மணி பார்த்தால் கதை வேறு. எண்ணைப் பார்த்ததும் மனசு கழித்தல் போடுகிறது. மிச்சத்தைப் பார்த்ததும் பயம் வருகிறது. பயம் வந்தால் உடம்பு முழித்துக்கொள்கிறது: நாடி வேகமாக அடிக்கும், தசை இறுகும். அந்த உடம்பில் தூக்கம் வராது. தூக்கம் வரவில்லையே என்று மறுபடி பார்க்கிறோம். இந்த முறை மிச்சம் இன்னும் குறைந்திருக்கும். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மிச்சம் குறையத்தான் செய்யும், ஒருநாளும் ஏறாது. நல்ல சேதி வரவே வராத தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல்தான்.

இரண்டாவது கெடுதல் அத்தை சொன்ன குறட்டையில் இருக்கிறது. மாமா 2:35-க்குப் பார்த்தார், பிறகு 3:20-க்குப் பார்த்தார். இடையில் 45 நிமிஷம். அதில் அரை மணி நேரமாவது அவர் தூங்கியிருக்கக்கூடும். லேசான தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் 'நான் தூங்கவே இல்லை' என்று சொல்வது தூக்கத்தை ஆராய்கிறவர்களுக்குப் பழக்கமான விஷயம். ஆனால் மனசு இரண்டு எண்களையும் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள நேரம் முழுக்க முழிப்பு என்று கோடு இழுத்துவிடுகிறது. காலையில் 'ரெண்டு மணியிலேருந்து தூங்கலை' என்ற முடிவு கிடைக்கிறது. அந்த முடிவே மறுநாள் ராத்திரிக்கான பயமாகிறது.

மூன்றாவது, 'சரியா ரெண்டு பத்து' என்ற நம்பிக்கை. மாமா ஒன்றரைக்கு முழித்து மணி பார்க்காமல் தூங்கிய ராத்திரிகள் நினைவில் தங்காது. 2:10 என்று பார்த்த ராத்திரிதான் தங்கும். நாலைந்து தடவை அந்த எண் கண்ணில் பட்டதும், அதற்காகவே காத்திருக்கப் பழகிவிடுகிறோம். மாமா விஷயத்தில் இதற்கு ஒரு பழைய வேரும் இருந்தது. குறுவையின்போது பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்ததால், மாதக்கணக்கில் ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைக்குப் போய் மோட்டார் போட்டிருக்கிறார். கரண்ட் நேரம் மாறிய பிறகும் 'நேரம் ஆயிட்டுதா' என்று பார்க்கும் கை மாறவில்லை.

இது என் ஊகம் மட்டுமில்லை. 2007-ல் நிக்கோல் டாங், அல்லிசன் ஹார்வி முதலானோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கமின்மை உள்ளவர்களில் சிலரைப் படுக்கையில் கடிகாரத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு நேரம் இல்லாத வெறும் எண்களைக் காட்டும் கருவியைக் கொடுத்தார்கள். கடிகாரம் பார்த்தவர்கள்தான் கூடுதலாகக் கவலைப்பட்டார்கள், தூங்க அதிக நேரம் ஆனதாகவும் சொன்னார்கள். ஒளிரும் எண்ணைப் பார்ப்பது இரண்டு தரப்புக்கும் பொது. வேறுபாடு, அது நேரமா இல்லையா என்பதில்தான்.

முதல் வேலை: அலாரத்தை நம்பும்படி செய்யுங்கள்

பலர் நேராகக் கடிகாரத்தைத் திருப்புவதில் ஆரம்பிக்கிறார்கள். அது நிலைக்காது. மணி பார்ப்பவரின் உள்ளே 'எழுந்திருக்கத் தவறிவிடுவோமோ' என்ற பயம் இருக்கிறது. அதற்கு வழி செய்யாமல் கடிகாரத்தை மட்டும் எடுத்தால் பயம் கூடும்.

எனவே இரண்டு அலாரம் வையுங்கள். போனில் ஒன்று, தனியாக ஒரு டைம்பீஸில் ஒன்று. இரண்டையும் கைக்கு எட்டாத இடத்தில், ஆனால் சத்தம் கேட்கும் தூரத்தில் வையுங்கள். மாமா வீட்டில் அடுப்பங்கரை அலமாரியில் வைத்தோம். படுக்கும் முன் ஒரே ஒரு தடவை அலாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் பகலிலேயே ஒருமுறை அடிக்கவிட்டு, படுக்கும் இடத்தில் படுத்துக்கொண்டு கேட்கிறதா என்று பாருங்கள். மாமாவுக்கு இதில்தான் முதலில் நம்பிக்கை வந்தது.

ராத்திரியில் உண்மையிலேயே ஒரு நேரத்துக்கு எழ வேண்டிய வேலை இருந்தால், உதாரணமாகத் தண்ணீர் முறை, மும்முனைக் கரண்ட், வீட்டில் படுத்திருப்பவருக்கு மாத்திரை, அதற்கும் தனியாக அலாரம் வையுங்கள். நேரத்தை ஞாபகம் வைத்திருப்பது இனி கருவியின் வேலை. மோட்டாருக்கு, கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட முடிந்தால் எழுந்திருக்கும் வேலையே மிச்சம்.

இரண்டாவது: வீட்டில் நேரம் காட்டுபவை எத்தனை என்று எண்ணுங்கள்

விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு கழிப்பறைக்குப் போகும் வழியில் நடந்து பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி மாட்டலாம் அல்லது கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோகலாம். டிவியின் செட்டாப் பாக்ஸில் நேரம் ஒளிர்ந்தால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அலாரத்தோடு வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் என்றால் கட்டாயம். அது காலையில் 'இவ்வளவுதான் தூங்கினாய்' என்று காட்டும் கணக்கையும் இந்த ஒரு மாதம் பார்க்க வேண்டாம். அதுவும் மணி பார்ப்பதுதான், கொஞ்சம் தாமதமாக.

போனில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பக்கத்தில் ராத்திரி கொல்லைப்பக்கம் போக வெளிச்சம் வேண்டும். வயல் ஒட்டிய வீடு, பூச்சி பொட்டு இருக்கும், இருட்டில் கால் வைக்க முடியாது. டார்ச்சுக்காகப் போனை எடுப்பார்கள், எடுத்ததும் திரையில் மணி தெரிந்துவிடும். மாமா எத்தனையோ தடவை மணி பார்க்கக்கூடாது என்று தானாகவே முடிவெடுத்து, இப்படித்தான் மாட்டியிருக்கிறார். தலைமாட்டில் ஒரு தனி டார்ச் லைட் வைத்தோம். இந்த வேலை முழுவதிலும் செலவு என்று இருந்தது அது ஒன்றுதான்.

மாமா வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரம் இருக்கிறது. அதைத் திருப்பி வைத்துப் பயனில்லை, அது மணியடிக்கும். இரண்டு அடி, மூன்று அடி என்று எண்ணிக்கொண்டே கிடப்பார். இப்படிப்பட்ட கடிகாரங்களில் சாவி கொடுக்க இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஓடுவதற்கு, மற்றொன்று மணியடிப்பதற்கு. மணியடிக்கும் துளைக்குச் சாவி கொடுக்காமல் விட்டால் சில நாட்களில் மணி நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடும். பின்னால் மறுபடி சாவி கொடுக்கும்போது சில கடிகாரங்களில் அடிக்கும் எண்ணிக்கை தப்பிப்போயிருக்கும். பழுது பார்ப்பவர் சரிசெய்து தருவார். தாத்தா கடிகாரத்தை நிறுத்தக்கூடாது என்று மாமாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஓட்டம் நிற்காது என்று தெரிந்ததும் சம்மதித்தார்.

வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்

கடிகாரம் இல்லாவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேட்போம். மாமாவும் கேட்டார். அத்தைக்கு ஒரே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: "அலாரம் அடிக்கலை." ராத்திரியில் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். அலாரம் அடித்திருந்தால் எழுந்திருக்கும் நேரம், அடிக்கவில்லை என்றால் படுத்திருக்கும் நேரம். இரண்டு பத்தா மூன்றரையா என்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? இரண்டுக்கும் செய்யவேண்டியது ஒன்றுதான். தனியாகப் படுப்பவர்கள் இதே வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்.

முழிப்பு வந்தால்

கண்ணைத் திறக்காமல் கிடக்கலாம். 'அலாரம் அடிக்கலை' என்று ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். மனசு நேரத்தை ஊகிக்கப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் அதற்கு ரயில் இருக்கிறது. தஞ்சாவூர் கும்பகோணம் பாதையில் வண்டி போகும் சத்தம் மாமா வீட்டுக்குக் கேட்கும். 'இந்த வண்டி வந்தா மூணு' என்று கணக்கு வைத்திருந்தார். சத்தத்தை நிறுத்த முடியாது. ஆனால் வண்டி தாமதமாகவும் வரும் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அன்றிலிருந்து அது நேரம் சொல்வதை விட்டுவிட்டு வெறும் ரயிலாகிவிட்டது. கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, முதல் டவுன் பஸ், எல்லாவற்றுக்கும் இதுவே. சத்தம் காதில் விழட்டும், எண்ணாக மாற்ற வேண்டாம். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும் உதவும்.

ரொம்ப நேரம் தூக்கம் வராவிட்டால்? ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்த முறையை ஒட்டி, இருபது நிமிஷம் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும் என்று சிலர் படித்திருப்பீர்கள். நல்ல முறைதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த இருபதை அளக்கக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நிமிஷத்தை அளக்காதீர்கள். புரண்டு புரண்டு எரிச்சல் ஏறிவிட்டது, இனி படுத்திருப்பது வேதனைதான் என்று தோன்றினால் அதுவே அளவு. எழுந்து கூடத்திலோ திண்ணையிலோ, மங்கலான வெளிச்சத்தில், நேரம் தெரியாத இடத்தில் உட்காருங்கள். பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம், பூ கட்டலாம், சும்மாவும் இருக்கலாம். கண் சொருகும்போது திரும்பி வந்து படுங்கள். எரிச்சல் இல்லாமல் சுகமாகக் கிடக்க முடிகிறதென்றால் எழ வேண்டியதே இல்லை.

எப்படிப் போகும், எதை எண்ணுவது

முதல் இரண்டு மூன்று ராத்திரிகள் மோசமாக இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பழகிய ஒரு காரியத்தைத் தடுக்கும்போது அந்த ஆசை முதலில் கூடத்தான் செய்யும். மாமா மூன்றாம் ராத்திரி எழுந்து அடுப்பங்கரைக்கே போய் போனைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் குற்றம் செய்தவர் மாதிரிச் சொன்னார். போனை அன்று முதல் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தோம். அலாரம் டப்பாவுக்குள்ளிருந்தும் கேட்டது. மூடியைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் 'எதுக்குப் பார்க்கிறோம்' என்று கேட்டுக்கொள்ள இடம் கிடைக்கிறது.

காலையில் ஒரு நோட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள்: ராத்திரி எத்தனை தடவை மணி பார்த்தேன். எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எழுத வேண்டாம், அது பழைய கணக்கையே பகலுக்குக் கொண்டுவரும். மாமாவின் நோட்டில் முதல் வாரம் 0, 0, 1, 0, 2, 0, 0 என்று இருந்தது. அதற்கு முன் ராத்திரிக்கு நாலைந்து தடவை. அந்த 2 வந்த ராத்திரி, மறுநாள் கொள்முதல் நிலையத்துக்குப் போகவேண்டிய நாள். இப்படி முக்கியமான வேலைக்கு முந்தின ராத்திரியில்தான் கை மறுபடி தேடும். அன்றைக்கு மட்டும், காலையில் வந்து எழுப்பும்படி பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வைக்கலாம்.

இரண்டாம் வாரக் கடைசியில் அவர் சொன்னது: "முழிப்பு வருதும்மா. ஆனா மணி என்னன்னு தெரியாததுனால திட்ட ஒண்ணும் இல்ல." மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, முழித்தேனா இல்லையா என்பதே சில நாட்களில் அவருக்கு நினைவில் இல்லை. முழிப்பு அடியோடு நின்றுவிடவில்லை. முழிப்புக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவே இருந்த அந்தக் கழித்தல் கணக்குதான் நின்றது.

இது போதாத இடங்கள்

மூன்று நாலு வாரம் மணி பார்க்காமல் இருந்தும் பகலில் தலை கனத்துக் கிடந்தால் வேறு காரணம் இருக்கலாம். குறட்டை பலமாக இருந்து நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சுத் தடையாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. இதை எழுதுவதற்காக மாமாவையும் அனுப்பிப் பார்த்தோம், அவருக்கு அது இல்லை. ராத்திரி மூன்று நாலு தடவை சிறுநீருக்கு எழவேண்டியிருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டும். படுத்ததும் காலில் குடைச்சல் எடுத்து அசைத்தால்தான் நிம்மதி என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விடிகாலையில் முழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் போலிருக்கிறது என்று தோன்றினால் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணுக்கும் அழைக்கலாம்.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாவது தூக்கம் கெட்டிருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். அதற்கு மாத்திரைக்கு முன்பாகப் பரிந்துரைக்கப்படும் பேச்சு, பழக்கமுறை சிகிச்சை இருக்கிறது. கடிகாரத்தைத் திருப்புவது அதில் ஒரு சின்னப் பகுதிதான். ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், நன்றாகத் தூங்குகிறோமே என்று தாங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

திரும்ப எப்போது கடிகாரத்தை மாட்டலாம் என்று பலர் கேட்பார்கள். கூடத்தில் தாராளமாக மாட்டலாம். படுக்கும் இடத்தில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாமா வீட்டில் தலைமாட்டு ஆணியில் இப்போது நாள்காட்டி தொங்குகிறது. பெண்டுலம் கடிகாரம் மணியடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தபோது மட்டும், அவர்கள் கேட்டார்களே என்று இரண்டாவது துளைக்கும் சாவி கொடுத்தார், அதுவும் பாதிச் சுற்றுதான்.